சார்புக் கோட்பாடும் பதினோராம் பக்கமும்

நான் இதுவரை எழுதியவற்றில் அதிகம் பாராட்டப்பட்டது ஒரு செமினார் கட்டுரை. முதுகலை இரண்டாம் ஆண்டில், வளர்ச்சிக் கோட்பாடுகள் என்ற பாடத்துக்காக எழுதியது. அதன் பதினோராம் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. எழுதும்போது பாதி தெரிந்து எழுதினேன். கொடுக்கும்போது முழுக்கத் தெரிந்தே கொடுத்தேன். அதன் பிறகு யாராவது என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களில் ஒன்று. அங்கிருந்து தினமும் சென்னைக்குப் போய்ப் படித்தேன். காலையில் திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து மின்சார ரயில். பஸ்ஸில் இடம் கிடைத்தால் படிப்பேன், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு திட்டுவேன். ஊரிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். இரண்டாவதாக யாரும் கிளம்பாததால் அந்தப் பட்டம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அந்தப் பாடத்தை நடத்திய பேராசிரியரிடம் அந்த ஆண்டு முனைவர் பட்டத்துக்கு ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. செமினாரில் சிறந்த கட்டுரை எழுதுகிறவரைத் தானே பரிந்துரைப்பதாக முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். வகுப்பில் பதினான்கு பேர். பதினான்கு பேரும் அன்றிலிருந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம்.

முதலில் நவீனமயமாதல் கோட்பாடு நடந்தது. எல்லாச் சமூகங்களும் ஒரே பாதையில், கட்டம் கட்டமாக வளர்கின்றன என்பது அதன் சாரம். முதலில் மரபுச் சமூகம். பிறகு வளர்ச்சிக்கான முன்நிபந்தனைகள். பிறகு விமானம் போல் மேலெழும் கட்டம். பிறகு முதிர்ச்சி. கடைசியில் எல்லாரும் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கும் நுகர்வுக் கட்டம். பணக்கார நாடுகள் மேலே பறந்துகொண்டிருக்கின்றன, ஏழை நாடுகள் இன்னும் ஓடுபாதையில் நிற்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். வெளியிலிருந்து மூலதனமும் தொழில்நுட்பமும் வந்து, மக்களின் பழைய மனப்பான்மையும் மாறிவிட்டால் எல்லாரும் ஒருநாள் பறப்பார்கள். தடை உள்ளேதான் இருக்கிறது, மரபில் இருக்கிறது, மனதில் இருக்கிறது.

எனக்கு இதைக் கேட்கக் கேட்க எரிச்சல் வந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மீனவர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. வந்த அதிகாரி நைலான் வலையையும் ஐஸ் பெட்டியையும் காட்டிவிட்டு, முதலில் மாற வேண்டியது உங்கள் மனம் என்று அரை மணி நேரம் பேசினார். சேமிப்பு, சுத்தம், நேரம் தவறாமை. நைனா, அதாவது என் அப்பா, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபடி அம்மாவிடம் சொன்னார்:

"விடியறதுக்கு மின்ன எழுந்து காத்து பாத்து தோணி எடுக்கறவனுக்கு நேரம் தவறாமை சொல்லித் தரான். அந்த ஆளு வந்ததே பதினோரு மணிக்கு."

இந்தக் கதையை நான் வகுப்பில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்துவிட்டு, "இதையே கட்டுரையாக எழுதுங்கள். ஆனால் கதையாக இல்லை, வாதமாக" என்றார். அன்றே என் தலைப்பு முடிவாகிவிட்டது. நவீனமயமாதல் கோட்பாட்டைச் சார்புக் கோட்பாட்டின் வாதங்களைக் கொண்டு மறுப்பது. களம், என் சொந்த ஊர்.

சார்புக் கோட்பாட்டை நான் பல்கலைக்கழக நூலகத்தில்தான் படித்தேன். லத்தீன் அமெரிக்காவை வைத்து உருவான வாதம் அது. வறுமை ஒரு தொடக்கப் புள்ளி இல்லை, அது உண்டாக்கப்பட்டது என்று அது சொன்னது. இன்றைய பணக்கார நாடுகள் ஒரு காலத்தில் வளராமல் இருந்திருக்கலாம். ஆனால் இன்னொருவரால் சுரண்டிப் பின்னுக்குத் தள்ளப்பட்ட நிலையில் இருந்ததில்லை. மையம் ஒன்று, விளிம்பு ஒன்று. விளிம்பு கச்சாப் பொருளை அனுப்புகிறது, மையம் செய்பொருளை அனுப்புகிறது, விலையை மையம் வைக்கிறது. விளிம்பில் உண்டாகும் உபரி அங்கே தங்காமல் மேலே போகிறது. விளிம்பிலேயே இதனால் லாபம் அடையும் சிலர் இருப்பார்கள், அவர்கள் மையத்தின் பக்கம் நிற்பார்கள். ஒரே ஓடுபாதை என்பதே பொய். ஒருவர் மேலே போவதற்கும் இன்னொருவர் கீழே கிடப்பதற்கும் தொடர்பு உண்டு.

படித்துவிட்டு நூலகத்தில் எழுந்து நின்றேன். கத்த வேண்டும் போல இருந்தது. ஏனென்றால் இது முழுக்க எங்கள் வீட்டில் நடந்ததுதான். ஏரியில் பிடிபடும் பெரிய இறால் ஒன்றுகூட எங்கள் குழம்பில் விழுந்ததில்லை. கரையிலேயே ஏஜென்ட் நிற்பார். தரம் பிரித்துப் பெட்டியில் ஐஸோடு அடுக்கினால் வண்டி ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் சோதனைச்சாவடி தாண்டிப் போய்விடும். அதற்கப்புறம் அந்த இறால் எந்த நாட்டுத் தட்டில் விழுந்தது என்று எங்களுக்குத் தெரியாது. நாளைக்கு என்ன விலை என்பதும் எங்களுக்குத் தெரியாது. அது யாரோ எங்கோ முடிவு செய்து, ஏஜென்டின் போன் வழியாக வந்து சேரும்.

கட்டுரையின் முதல் பகுதியில் கட்டங்கள் பற்றிய கோட்பாட்டை நேர்மையாகவே எழுதினேன். எதிராளியைக் கேலிச்சித்திரம் ஆக்கிவிட்டு அடிக்கக் கூடாது என்று பேராசிரியர் எச்சரித்திருந்தார். இரண்டாம் பகுதியில் மறுப்பு. மூன்றாம் பகுதியில் எங்கள் ஊர். நைலான் வலை வந்தது, இன்ஜின் வந்தது, ஃபைபர் படகு வந்தது, ஐஸ் வந்தது, வெளிநாட்டுச் சந்தை வந்தது. முன்நிபந்தனைகள் என்று சொன்னவை எல்லாம் வந்து இறங்கின. ஊர் மேலெழவில்லை. மாறாக இன்ஜினின் உதிரிபாகத்துக்கும் டீசலுக்கும் ஏஜென்டுக்கும் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. நவீனம் வராததால் இல்லை, வந்த விதத்தால்தான் இந்த நிலைமை என்று எழுதினேன். இன்றைக்குப் படித்தாலும் அந்தப் பக்கங்களில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன்.

பதினோராம் பக்கத்தில்தான் சறுக்கினேன்.

மரபு ஒரு தடை என்ற வாதத்தை உடைக்க எனக்கு ஒரு சான்று வேண்டியிருந்தது. எங்களிடம் அது இருந்தது. பாடு. ஏரியில், முகத்துவாரத்துக்குப் போகும் நீரோட்டத்தில், இறால் நிறைய விழும் சில இடங்கள் உண்டு. அங்கே யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. பாடு உள்ளவர்களின் பெயர்ப்பட்டியல் ஊரில் இருக்கும். எந்த இடத்தில் யாருக்கு எந்த நாள் என்று குலுக்கிப்போட்டு முறை வைப்பார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளைக்கு மட்டமான இடம் வரும். அடிதடி கிடையாது. அழகான ஏற்பாடு.

அதைப் பற்றி நான் எழுதியது இதுதான்: 'ஏரியை நம்பி வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும் சமமான உரிமை தரும் இந்த மரபு, சந்தைக்கு முன்பே இங்கே நீதி இருந்ததைக் காட்டுகிறது. ஏற்றத்தாழ்வு வெளியிலிருந்து வந்தது.'

எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை. பாடு எங்கள் சாதிக்கு மட்டும்தான். எங்கள் ஊருக்குப் பின்னால், வேலிக்காத்தான் புதருக்கு அந்தப் பக்கம், ஒரு சின்னக் குடியிருப்பு இருக்கிறது. அவர்களும் ஏரியை நம்பித்தான் வாழ்கிறார்கள். ஆனால் வலை கட்டக் கூடாது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைத் துழாவி, கையால் இறால் பொறுக்குவார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் சேற்றில் வேண்டுமே.

அங்கே போய்ப் பேசாமல் எழுதினேன் என்றால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். போனேன். அங்கிருந்து வாரத்தில் மூன்று நாள் எங்கள் வாசலுக்கு வந்து பொடி இறால் விற்கும் அக்கா ஒருவர் உண்டு. எங்கள் குழம்பில் விழுந்ததெல்லாம் அவர் பொறுக்கியதுதான். அவர் வீட்டு முன்னால் உட்கார்ந்து ஒரு முழுக் காலைப்பொழுது கேட்டேன். நோட்டில் நான்கு பக்கம் எழுதினேன். பறியைக் கடித்துக் கடித்து அவருக்கு முன்பல் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரு ஒருவாட்டி சின்ன வலை ஒண்ணு கட்டுனாரு பாப்பா. ஓரமாத்தான். ஊர்ல வந்து அறுத்துட்டுப் போய்ட்டாங்கோ."

"யாரு அக்கா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஊருன்னா ஊருதான். இன்னாத்துக்குப் பேரெல்லாம்."

பிறகு தாழ்ந்த குரலில், மீன்வளத்துறை அலுவலகத்தில் மனு கொடுத்திருப்பதைச் சொன்னார். மற்ற இடமெல்லாம் வேண்டாம், ஓடை பிரியும் இடத்தில் ஒரே ஓர் இடத்துக்கு, முறையில் தங்களையும் சேர்க்க வேண்டும் என்று. குடியிருப்பில் எல்லாரும் கைரேகை வைத்திருந்தார்கள். "பல்லு போச்சின்னா பறி கடிக்க முடியாது. எம் பொண்ணாவது வலையில புடிக்கட்டும். நீ படிக்கற பொண்ணு, இதையும் எழுது பாப்பா" என்றார்.

எழுதிக்கொண்டேன். நோட்டில்.

கட்டுரையில் அவரிடமிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டேன். ஏற்றுமதி தொடங்கியபின் ஓரத்துத் தண்ணீரில் இறால் குறைந்தது. ஏஜென்ட் அவர்களிடம் எங்களிடம் வாங்குவதையும்விட மலிவாக வாங்குகிறார். இரண்டும் என் வாதத்துக்குப் பொருந்தின. மனு பொருந்தவில்லை, விட்டுவிட்டேன். வலையை அறுத்தது ஏஜென்ட் இல்லையே.

கோட்பாட்டின் மேல் பழி போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. சார்புக் கோட்பாட்டில் இதற்கு நன்றாகவே இடம் இருக்கிறது. மையமும் விளிம்பும் நாடுகளுக்கு இடையில் மட்டும் இல்லை, அது ஒரு சங்கிலி. உலகின் மையத்துக்கு ஒரு நாட்டின் தலைநகரம் விளிம்பு. அந்தத் தலைநகரத்துக்கு அதன் மாவட்டங்கள் விளிம்பு. மாவட்டத்து ஊருக்கு அதன் பின்னால் இருக்கும் குடியிருப்பு விளிம்பு. ஒவ்வொரு கண்ணியும் கீழே இருப்பதை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. இதை நானே ஏழாம் பக்கத்தில் விளக்கியிருக்கிறேன். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக நடந்திருந்தால் அது நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். நான் வாசலுக்கு நாலடி முன்னாலேயே நிறுத்திக்கொண்டேன்.

செமினாரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் வகுப்பிலிருந்தே ஒரு டிஸ்கஸண்ட் இருப்பார். கட்டுரையை முன்கூட்டியே படித்து, அதன் பலவீனத்தைக் கேள்வியாக எழுப்புவது அவர் வேலை. எனக்கு வாய்த்தவன் காட்டூர்க்காரன். நெல் விவசாயக் குடும்பம். பொன்னேரியில் என்னோடு ரயில் ஏறுவான், இரண்டு ஆண்டுகளாக நல்ல சிநேகிதன். பிரதியைப் படித்துவிட்டு மறுநாள் ரயிலில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"பேப்பர் செமையா இருக்குது. ஆனா பதினொண்ணாம் பக்கம் இன்னா இது?"

"இன்னா?"

"எல்லாக் குடும்பமும்னு எழுதிகிற. எங்க ஊர்லேந்தே ஏரிப் பக்கம் பொறுக்கப் போறவங்க இருக்காங்கோ. அவங்களுக்கு ஏது பாடு? அட, உனக்கே ஏது பாடு? லிஸ்டுல பொம்பளை பேரு வருமா?"

அது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. எங்கள் வீட்டில் என் தம்பி பெயர் ஒருநாள் பட்டியலில் ஏறும். என் பெயர் ஏறாது. ஆனாலும் அந்தப் பட்டியலை என்னுடையது என்று நினைத்து அதற்காக வக்காலத்து வாங்கியிருக்கிறேன்.

அவன் விடவில்லை. "இதுல இன்னொண்ணு இருக்குது. மரபு மொத்தமும் கெட்டதுனு அவங்க சொல்றாங்கோ. மரபு மொத்தமும் நல்லதுனு நீ சொல்ற. ரெண்டு பேருக்கும் மரபு ஒரே மூட்டைதான். பிரிச்சுப் பாக்கவே இல்ல. அப்போ நீ அந்தக் கோட்பாட்டை மறுக்கல, தலைகீழாக் கவுத்திகிற."

இதைவிடச் சரியான விமர்சனத்தை அந்தக் கட்டுரைக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பயம். செமினாருக்கு மூன்று நாள் இருந்தது. அந்தப் பக்கத்தை எடுத்தால் மூன்றாம் பகுதியே ஆட்டம் கண்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது நல்ல கட்டுரை ஆகியிருக்கும். ஆனால் அதில் நைனா வருவார். வலையை அறுக்கப் போன ஆட்களில் அவரும் உண்டா என்று நான் அவரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

"இதைக் கேக்காத. கெஞ்சிக் கேக்கறேன். ஒரே ஒரு சீட்டு இருக்குது."

"இதைக் கேக்கலன்னா நான் இன்னாத்துக்கு டிஸ்கஸண்ட்?"

"வேற கேளு. கிழக்காசிய நாடுங்களைப் பத்திக் கேளு. எல்லாரும் அதைத்தானே கேப்பாங்க."

அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். மீஞ்சூர் போனது, எண்ணூர் போனது. இறங்கும்போது "சரி" என்றான். "ஆனா நீ என்னைக் கேட்டது எனக்குப் புடிக்கல."

செமினார் அன்று அவன் சொன்னபடியே கேட்டான். உலகச் சந்தையோடு தொடர்பை அறுத்துக்கொள்ளாமல், அதற்கு ஏற்றுமதி செய்தே வளர்ந்த கிழக்காசிய நாடுகளைச் சார்புக் கோட்பாடு எப்படி விளக்கும்? நான் மூன்று நாளாகத் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். அங்கே நிலச் சீர்திருத்தம் நடந்தது, அரசு மூலதனத்தைத் தன் பிடியில் வைத்திருந்தது, பனிப்போர்க் காலத்து உதவியும் சேர்ந்தது. அவற்றைக் கழித்துவிட்டு வெறும் சந்தையை மட்டும் பாடமாக எடுக்க முடியாது. ஆனாலும் விளிம்பு எப்போதும் விளிம்பாகவே கிடக்கும் என்று அடித்துச் சொல்லும் சார்புவாதிகளின் குரலை அந்த நாடுகள் பலவீனப்படுத்துகின்றன என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது பேராசிரியருக்குப் பிடித்தது, தலையை ஆட்டினார்.

பிறகு அவரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார்புக் கோட்பாட்டின் மேல் ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. அது பரிமாற்றத்தை மட்டுமே பார்க்கிறது, உற்பத்தி உறவுகளைப் பார்ப்பதில்லை என்று. யார் யாருக்கு விற்கிறார்கள் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. உள்ளே, உங்கள் ஊரில், ஏரியின் மேல் யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை? பாடு உண்மையிலேயே எல்லாருக்கும் சமமா?"

சிநேகிதன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேட்காமல் விட்ட கேள்வி சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"சமம்தான் சார்" என்றேன். "நான் அந்த ஊர்ப் பெண். எனக்குத் தெரியும்."

அதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? அந்த வகுப்பில் ஏரியைப் பார்த்தவர்களே இரண்டு பேர்தான். ஒருவர் பொய் சொல்கிறார், இன்னொருவர் வாக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார். பேராசிரியர் மகிழ்ந்துபோய், இதுதான் உள்ளிருந்து வரும் குரல் என்றார். முதல் மதிப்பெண் எனக்கு. பரிந்துரைக் கடிதமும் எனக்கு. சிநேகிதன் கைகுலுக்கினான். அடுத்த வாரத்திலிருந்து ரயிலில் வேறு பெட்டியில் ஏறினான்.

இத்தோடு முடிந்திருந்தால் இது என் ஒருத்தியின் அழுக்கு. ஆனால் நைனாவுக்கு அந்தக் கட்டுரையைப் படிக்க ஆசை வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இருந்ததால் வரிக்கு வரி தமிழில் எழுதினேன். பொன்னேரியில் டைப் அடித்து, ஸ்பைரல் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டை வைத்துக் கொண்டுவந்தேன். நைனா நான்கு நாள் எழுத்துக் கூட்டிப் படித்தார். நவீனமயமாதல் அவருக்குப் புரியவில்லை. பயிற்சி முகாம் வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தார். பாடு வந்த இடத்தை இரண்டு முறை படித்தார்.

"நம்ம மொறையைப் பத்தி இவ்ளோ அழகா யாரும் எழுதுனதில்ல" என்று சொல்லி, அதை ஊர்க் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் மனுவை மறந்தேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நான் நம்பவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மனுவை விசாரிக்க மீன்வளத்துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அதே பள்ளிக்கூடம். காலை பதினோரு மணி. விடுமுறை நாள் என்பதால் நானும் நைனாவோடு போயிருந்தேன். ஒரு பக்கம் ஊர்க்காரர்கள் பெஞ்சில். கதவோரம் குடியிருப்பிலிருந்து எட்டு, பத்துப் பேர் நின்றுகொண்டு. அந்த அக்கா முன்னால் நின்றார். அன்றைக்கு வாயை மறைக்கவில்லை. ஒரே ஓர் இடம், ஓடை பிரியும் இடம், முறையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனுவில் இருந்ததையே வாயாலும் சொன்னார்.

ஊர்த் தலைவர் எழுந்து, ஸ்பைரல் போட்ட என் கட்டுரையை அதிகாரியின் மேஜையில் வைத்தார். பதினோராம் பக்கத்தில் பஸ் டிக்கெட் ஒன்றை அடையாளம் வைத்திருந்தார்கள்.

"யூனிவர்சிட்டியிலயே ஒத்துகினாங்க சார். எல்லாக் குடும்பத்துக்கும் சமமான உரிமைன்னு எழுதிகிது பாருங்க. தனியா ஒரு இடம் பிரிச்சுக் குடுத்தா மொறை கெட்டுடும்."

அதிகாரி வாய்விட்டுப் படித்தார். என் வாக்கியங்கள் அந்த அறையில் கணீரென்று கேட்டன. நான் எழுதியதை அதற்கு முன் ஓர் அரசு அதிகாரி வாயால் கேட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தன, பாழாய்ப்போன வாக்கியங்கள்.

"யார் எழுதினது இது?"

"எம் பொண்ணு சார்" என்றார் நைனா. "இங்கதான் இருக்குது."

அதிகாரி என்னைப் பார்த்தார். "ஏம்மா, இதுல இருக்கறது சரிதானே? ஏரியில எல்லாருக்கும் பாடு உண்டுதானே?"

நைனா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவும் என்னைத்தான் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. நான் வந்திருப்பது தனக்கு நல்லதாயிற்று என்று அவர் நினைத்தது தெரிந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னைப் பிடித்து அறையலாம் போல வருகிறது.

"அது கோட்பாட்டுக்காக எழுதினது சார்" என்றேன்.

"அது இருக்கட்டும்மா. சரியா, தப்பா?"

"ஆராய்ச்சியில... அப்படித்தான் சார் வந்தது."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் விசாரணை முடிந்தது. எல்லாரும் எழுந்தபோது அக்கா என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தவில்லை.

"பாப்பா, நான் சொன்னதெல்லாம் ஒரு நோட்டுல எழுதுனியே. வலை அறுத்தது, கைரேகை வச்சது எல்லாம். அந்த நோட்டை எடுத்தாந்து அவருகிட்ட காட்டேன். ஜீப்பு இன்னும் கெளம்பல பாரு."

நோட்டு என் தோள்பையில்தான் இருந்தது. அந்தப் பையில் எப்போதும் இருக்கும்.

"நோட்டு சென்னையில இருக்குது அக்கா."

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஏற்கெனவே உள்ள முறை அனைவருக்கும் சமமாக இருப்பதால் தனி ஏற்பாடு தேவையில்லை என்று மனுவை முடித்துவிட்டார்கள். அதே மாதம் எனக்கு முனைவர் பட்ட இடம் கிடைத்தது. முதல் வேலையாகப் பதினோராம் பக்கத்தைத் திருத்தி எழுதி, சங்கிலியை எங்கள் வாசல் தாண்டிக் குடியிருப்புவரை கொண்டுபோய், பேராசிரியரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்குச் சமம் என்று சொன்னீர்களே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நேர்மையாக இருக்கிறது. ஆனால் பழைய வடிவத்தில் வாதம் கூர்மையாக இருந்தது. இதை அடிக்குறிப்பில் வைத்துக்கொள்ளலாம்" என்றார். ஓர் ஊரின் பின்னால் ஒரு குடியிருப்பு இருப்பது போல, பக்கத்துக்குக் கீழே அடிக்குறிப்பு. திருத்திய பிரதியை மீன்வளத்துறைக்கும் அனுப்பினேன். முடிந்துபோன மனுவின் மேல் கட்டுரையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று அங்கிருந்த எழுத்தர் போனில் பொறுமையாக விளக்கினார்.

சார்புக் கோட்பாட்டாளர்களில் சிலர் விளிம்புக்குக் கடைசியாகச் சொல்லும் வழி ஒன்று உண்டு. மையம் திருந்தும் என்று காத்திருக்காதே, அதனோடு தொடர்பை அறுத்துக்கொள். நான் அதை முடிவுரையில் ஒரு பத்தியாக எழுதி, நடைமுறையில் கடினம் என்று சேர்த்திருந்தேன்.

அந்த அக்கா இப்போது எங்கள் வாசலுக்கு வருவதில்லை. எங்கள் தெருவுக்கே வருவதில்லை. பொடி இறாலைச் சுமந்துகொண்டு பஸ் ஏறித் திருப்பாலைவனத்தில் விற்கிறாராம். கூட அவர் பெண்ணும் போகிறதாம். அதுவும் பறியைக் கடிக்கத் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா வெறும் புளிக்குழம்பை ஊற்றிக்கொண்டே சலித்துக்கொண்டாள்.

"எத்தினி வருசமா வந்துகினு இருந்தா. இன்னாத்துக்கு அந்தப் பொம்பளை நம்ம வாசலுக்கு வர்றதே இல்ல? உனக்கு எதுனா தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.